அசையாத ஜைரோ எவ்வளவு அலைகிறது? ஆலன் விலகலைக் கணக்கிட்டு வாசிக்கும் முழு வழி

ஜைரோ என்பது சுழற்சி வேகத்தை அளக்கும் சென்சார். மேசை மேல் அசையாமல் கிடந்தால் அது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாது. என்னிடம் இருக்கும் எம்பியூ-6050 ஒரு கணம் விநாடிக்கு 1.31 டிகிரி என்கும், அடுத்த கணம் 1.38, அதற்கடுத்து 1.27. சரி, ஆயிரம் அளவீட்டை எடுத்துச் சராசரி போட்டு, அதைக் கழித்துவிடுவோம் என்று எல்லோரும் செய்வதையே நானும் பல வருடம் செய்தேன். ஏன் ஆயிரம், ஏன் லட்சம் இல்லை என்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

லட்சம் எடுத்தால் இன்னும் துல்லியமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஓர் அளவு வரைக்கும் அது உண்மை. அதற்கு மேல், நீங்கள் சராசரி எடுத்துக்கொண்டிருக்கும்போதே சென்சாரின் பூஜ்யம் நகர்ந்துவிடும். பத்து நிமிடம் உட்கார்ந்து எடுத்த சராசரி, ஒரு நிமிடத்தில் எடுத்ததைவிட மோசமாக இருக்கக்கூடும். அந்த எல்லை உங்கள் கையில் இருக்கும் சென்சாருக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இதற்கான கருவி கடிகாரக்காரர்களிடமிருந்து வந்தது. அணுக் கடிகாரங்களின் அதிர்வெண்ணை அளந்தவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை இருந்தது. வழக்கமான திட்ட விலக்கத்தைப் போட்டால், தரவு நீள நீள அந்த எண்ணும் வளர்ந்துகொண்டே போனது. ஒரு மணி நேரத் தரவுக்கு ஒரு விடை, ஒரு நாள் தரவுக்கு வேறு விடை. சராசரியே மெல்ல நகரும்போது ‘சராசரியிலிருந்து எவ்வளவு விலகல்’ என்ற கேள்விக்குப் பொருள் இல்லாமல் போய்விடுகிறது. அமெரிக்காவின் தேசியத் தரநிலைக் கழகத்தில் வேலை பார்த்த டேவிட் ஆலன் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில் கேள்வியையே மாற்றினார். மொத்தச் சராசரியோடு ஒப்பிடாதே, பக்கத்துச் சராசரியோடு ஒப்பிடு. அவ்வளவுதான் விஷயம். பிறகு ஜைரோ செய்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

## எட்டு எண்களில் கணக்கு

நிரல் எழுதுவதற்கு முன் ஒரு தடவை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. விநாடிக்கு ஒன்றாக எட்டு அளவீடுகள் வந்தன என்று வையுங்கள்:

```
3  5  4  2  6  4  7  5
```

சராசரி எடுக்கும் நேரத்தை τ என்று எழுதுவது வழக்கம். முதலில் τ = 1 விநாடி. பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசங்கள் 2, -1, -2, 4, -2, 3, -2. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 42. ஏழு வித்தியாசங்கள் இருப்பதால் சராசரி 6. அதில் பாதி 3. வர்க்கமூலம் 1.73.

அடுத்து τ = 2 விநாடி. இரண்டிரண்டாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள்: 4, 3, 5, 6. வித்தியாசங்கள் -1, 2, 1. வர்க்கங்களின் கூட்டல் 6, மூன்றால் வகுத்தால் 2, பாதி 1, வர்க்கமூலமும் 1.

கடைசியாக τ = 4 விநாடி. நான்கு நான்காக: 3.5, 5.5. ஒரே ஒரு வித்தியாசம், 2. வர்க்கம் 4, பாதி 2, வர்க்கமூலம் 1.41.

ஆக 1.73, 1, 1.41. இந்த மூன்றும்தான் அந்தந்த τ-வுக்கான ஆலன் விலகல். இறங்கி, மறுபடி ஏறுகிறது. முதலில் இறங்கக் காரணம், குதிக்கும் இரைச்சல் சராசரியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தணிவது. பிறகு ஏறக் காரணம், பின்பாதி எண்கள் மொத்தமாகவே முன்பாதியைவிட மேலே நகர்ந்திருப்பது. ஏன் பாதியாக்குகிறோம் என்றால், ஒரு வித்தியாசத்தில் இரண்டு சராசரிகளின் ஆட்டமும் கலந்திருக்கிறது. ஒன்றின் பங்கு மட்டும் நமக்குப் போதும்.

அந்தக் கடைசி 1.41 ஒரே ஒரு வித்தியாசத்திலிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். அதை நம்ப முடியாது. லட்சக்கணக்கான அளவீடு இருந்தாலும் வரைபடத்தின் வலது ஓரத்தில் இதே நிலைதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

## ஓர் இரவு பதிவு

இனி நிஜச் சென்சார். எட்டு மணி நேரம், விநாடிக்கு 100 அளவீடு. மொத்தம் 28,80,000 எண்கள். ராத்திரி எடுப்பதற்குக் காரணம், பகலில் வீட்டில் யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வெற்றி. நான் பயன்படுத்தாத அம்மிக்கல் ஒன்றின் மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, மேலே தெர்மாகோல் பெட்டியைக் கவிழ்த்துவிட்டேன். கல்லின் எடை அதிர்வைக் குறைக்கிறது. பெட்டி காற்றோட்டத்தைத் தடுக்கிறது. பிரெட்போர்டில் செருகி மேசையில் வைத்தால் மின்விசிறியின் அதிர்வைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

சிப்பை இப்படி அமைத்தேன்:

```
PWR_MGMT_1  0x6B = 0x01
SMPLRT_DIV  0x19 = 0x09
CONFIG      0x1A = 0x03
GYRO_CONFIG 0x1B = 0x00
INT_ENABLE  0x38 = 0x01
```

முதல் வரி சிப்பின் கடிகாரத்தை ஜைரோவின் அதிர்வோடு பூட்டுகிறது. அடுத்த இரண்டும் 100 ஹெர்ட்ஸ் வேகத்தையும் 42 ஹெர்ட்ஸ் வடிகட்டியையும் தருகின்றன. கடைசி வரி, புது அளவீடு தயாரானதும் ஒரு பின்னில் சைகை தரச் சொல்கிறது. `delay(10)` போட்டு வாசித்தால் சில அளவீடு இரண்டு முறை வரும், சில காணாமல் போகும். அந்தச் சைகையைக் கொண்டே வாசியுங்கள்.

நான்காவது வரியைப் பலர் கண்டுகொள்வதில்லை. அது வீச்சை ±250 டிகிரிக்கு வைக்கிறது. இந்த வீச்சில் விநாடிக்கு ஒரு டிகிரி என்பது 131 எண்ணிக்கை. அதாவது ஒரு படி 0.0076 டிகிரி/விநாடி. என் சென்சாரின் இரைச்சல் ஒவ்வோர் அளவீட்டிலும் சுமார் 0.04, அதாவது ஐந்தாறு படி. இரைச்சல் பல படிகளில் குதித்தால்தான் சராசரிக்கு வேலை உண்டு. ±2000 வீச்சில் ஒரு படி 0.061 ஆகிவிடும், இரைச்சலைவிடப் பெரிது. அளவீடு இரண்டு மூன்று எண்களுக்குள்ளேயே குதிக்கும். இரைச்சல் இன்னும் குறைந்த சென்சாராக இருந்தால் ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும். லட்சம் தடவை ஒரே எண்ணைச் சராசரி எடுத்தால் அதே எண்தான் வரும். அப்போது வரைபடத்தைப் பார்த்தால் சென்சார் அபார நிலைத்தன்மையுடன் இருப்பதுபோல் தெரியும். அது பொய்.

ஒவ்வோர் அளவீட்டோடும் ஒரு வரிசை எண்ணும் நேரமும் சேர்த்துப் பதியுங்கள். ஆர்டுயினோ பாணி நிரலில் `micros()` 32 பிட் எண், சுமார் 71.6 நிமிடத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எட்டு மணி நேரப் பதிவில் இது ஆறேழு முறை நடக்கும். இஎஸ்பி32 என்றால் `esp_timer_get_time()` 64 பிட், கவலை இல்லை. என் முதல் இரவில் பிரச்சினை அதுகூட இல்லை. மடிக்கணினி இரண்டு மணிக்குத் தூங்கப் போய்விட்டது. வரிசை எண் இருந்ததால் இடைவெளி எங்கே என்று தெரிந்தது, இல்லாவிட்டால் இரண்டு துண்டுகளையும் ஒட்டி ஒரே பதிவென்று நினைத்திருப்பேன்.

முதல் முக்கால் மணி நேரத்தைத் தூக்கிப் போடுங்கள். மின்சாரம் கொடுத்ததும் சிப் சூடேறும், அதோடு பூஜ்யமும் நகரும். இந்தச் சிப்பின் டேட்டாஷீட் முழு வெப்பநிலை வரம்பில் பூஜ்யம் ±20 டிகிரி/விநாடி வரை மாறலாம் என்கிறது. இரண்டு மூன்று டிகிரி சூடு ஏறினாலே நாம் அளக்கப் போகும் ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரிகளை அது விழுங்கிவிடும். சிப்பிலேயே வெப்பமானி இருக்கிறது. அதையும் கூடவே பதிந்துகொள்ளுங்கள். எட்டு மணி நேரம் என்பது இந்தச் சூடேறும் நேரம் போக.

## கணக்கிடும் முன் வெறும் கண்ணால் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தரவை நேரே நிரலில் கொட்டி, வந்த வளைவைப் பார்த்து முடிவு சொல்லிவிடுவார்கள். ஆலன் விலகல் ஒரு வடிகட்டி மாதிரி. உள்ளே என்ன கோளாறு நடந்தது என்பதை அது மறைத்துவிடும், அதுவும் நல்ல நியாயமான முகத்துடன்.

ஓர் உதாரணம். ஐ2சி கம்பியில் ஒரு தடவை தடங்கல் ஏற்பட்டு, ஒரே ஓர் அளவீடு -32768 என்று வந்தது. அது -250 டிகிரி/விநாடி. இருபத்தெட்டு லட்சத்தில் ஒன்றுதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். முள் மாதிரி துருத்தும் இப்படி ஒரு தனி எண், ஆலன் விலகலின் வர்க்கமான ஆலன் மாறுபாட்டில் சேர்ப்பது முள்ளின் வர்க்கத்தை, சராசரிக்குள் இருக்கும் அளவீட்டு எண்ணிக்கையாலும் மொத்த எண்ணிக்கையாலும் வகுத்த அளவு. τ = 1 விநாடியில் அது 62,500 / (100 × 28,80,000) = 0.000217, வர்க்கமூலம் 0.0147. என் சென்சாரின் உண்மையான மதிப்பே அங்கே 0.0044தான். ஒரு கெட்ட எண், விடையை மூன்று மடங்குக்கும் மேலே தூக்கிவிட்டது.

இதில் மோசம் என்னவென்றால், முள் தரும் கோடும் சாதாரண வெள்ளை இரைச்சல் தரும் அதே சாய்வில்தான் இறங்கும். வளைவை மட்டும் பார்க்கிறவர் ‘சென்சாரில் இரைச்சல் அதிகம்’ என்று எழுதிவிட்டுப் போவார்.

இதன் தம்பி ஒருவன் உண்டு: படி. நள்ளிரவில் யாரோ கதவைச் சாத்தினார்கள், பூஜ்யம் 0.02 டிகிரி/விநாடி தாவி அங்கேயே நின்றுவிட்டது. எட்டு மணி நேரப் பதிவில் இந்த ஒரே படி, τ = 1024 விநாடியில் சுமார் 0.0022 சேர்க்கும். மடக்கைத் தாளில் அதன் சாய்வு மேல்நோக்கிப் பாதி. மெல்ல அலைந்து திரியும் பூஜ்யம் தருகிற அதே சாய்வு. இரண்டையும் வளைவு பிரித்துக் காட்டாது. நேரத்துக்கு எதிரே ஒரு நிமிடச் சராசரிகளை வரைந்தால் படி பளிச்சென்று தெரியும். ஆகவே இரண்டு படம்: வெறும் தரவு ஒன்று, முள்ளைப் பிடிக்க, ஒரு நிமிடச் சராசரி ஒன்று, படியைப் பிடிக்க. இரண்டும் சுத்தம் என்றால் மேலே போகலாம். முள் இருந்தால் அந்த ஓர் எண்ணின் இடத்தில் அக்கம்பக்கத்துச் சராசரியை வையுங்கள். படி இருந்தால் படிக்கு முன்னோ பின்னோ நீளமான துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

## கணக்கு

கையால் போட்டபோது துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தோம். நடைமுறையில் ஒவ்வோர் அளவீடாக நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளையும் சேர்த்துக்கொள்வார்கள். அதே தரவிலிருந்து கொஞ்சம் உறுதியான விடை கிடைக்கும். நிரல் சின்னதுதான்:

```python
import numpy as np

def oadev(y, fs, m):
    x = np.concatenate(([0.0], np.cumsum(y))) / fs
    d = x[2*m:] - 2*x[m:-m] + x[:-2*m]
    return np.sqrt(np.mean(d**2) / 2) / (m / fs)
```

`y` என்பது டிகிரி/விநாடியில் அளவீடுகள், `fs` வேகம், `m` ஒரு சராசரிக்குள் போகும் எண்ணிக்கை. `m`-ஐ 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், விடைகளை இரு அச்சும் மடக்கையில் இருக்கும் தாளில் வரைய வேண்டும். சாதா அச்சில் வரைந்தால் ஒன்றும் புரியாது. `fs`-க்கு 100 என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல், மொத்த எண்ணிக்கையை மொத்த நேரத்தால் வகுத்துப் போடுங்கள். சிப்பின் உள்கடிகாரம் சொன்ன வேகத்தில் ஓடாது.

எழுத விருப்பமில்லை என்றால் பைத்தானில் allantools இருக்கிறது:

```python
import allantools
t, ad, err, n = allantools.oadev(y, rate=fs,
                data_type="freq", taus="octave")
```

`data_type` மட்டும் கவனம். ஜைரோ தருவது சுழற்சி வேகம். கடிகார உலகில் அதற்கு இணை அதிர்வெண். அதனால் `"freq"`. இதை எழுதாமல் விட்டால் அது உங்கள் எண்களை `"phase"`, அதாவது கட்டம் என்று எடுத்துக்கொண்டு, முழுக்க வேறு சாய்வில் ஒரு வளைவைத் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது.

## வளைவை வாசிப்பது

என் சென்சாரின் ஓர் அச்சுக்கு வந்த விடைகள் இவை. இடது பக்கம் τ விநாடியில், வலது பக்கம் ஆலன் விலகல் டிகிரி/விநாடியில்.

```
0.1     0.0134
1       0.0044
10      0.0020
64      0.0016
256     0.0020
1024    0.0030
```

இடது பகுதி. 0.1-லிருந்து 1-க்கு நேரம் பத்து மடங்கு, விலகல் மூன்று மடங்கு குறைகிறது. பத்தின் வர்க்கமூலம் 3.16. அதாவது நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. மடக்கைத் தாளில் சாய்வு -1/2. ஒவ்வோர் அளவீடும் முந்தையதோடு தொடர்பில்லாமல் குதிக்கிறது என்பதன் கையெழுத்து அது. இந்தக் கோட்டின் உயரத்தை τ = 1-இல் வாசிப்பது மரபு. ஆனால் 1 விநாடியில் வேறு கூறுகளும் தலைகாட்ட ஆரம்பித்துவிட்டதால், நான் 0.1-இன் மதிப்பை 3.16-ஆல் வகுத்து 0.0042 என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்ணை 60-ஆல் பெருக்கினால் 0.25, ஜைரோ விற்பவர்கள் ‘கோணத் தள்ளாட்டம், வர்க்கமூல மணிக்கு இத்தனை டிகிரி’ என்று போடுவது இதைத்தான்.

டேட்டாஷீட்டோடு ஒப்பிடும்போது ஒரு சிக்கல். அங்கே இரைச்சல் அடர்த்தி 0.005 டிகிரி/விநாடி, வர்க்கமூல ஹெர்ட்ஸுக்கு என்று இருக்கிறது. அது ஒருபக்க அலைமாலையில் சொன்னதென்றால் ஆலன் வளைவில் 1 விநாடியில் வர வேண்டியது 0.005 வகுத்தல் √2, அதாவது 0.0035. என் 0.0042 அதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் பக்கத்தில்தான். √2-ஐ மறந்துவிட்டு ‘டேட்டாஷீட்டைவிட நல்ல சென்சார் கிடைத்துவிட்டது’ என்று சந்தோஷப்பட்டவன் நான்.

நடுப் பகுதி. 10 விநாடியில், வெறும் குதிப்பு மட்டும் இருந்திருந்தால் 0.0013 வந்திருக்க வேண்டும். வந்ததோ 0.0020. கோடு படுக்க ஆரம்பித்துவிட்டது. 64 விநாடியில் 0.0016 என்பதுதான் குழியின் அடி. இங்கே ஆட்சி செய்வது மினுக்கு இரைச்சல். அதற்கு எத்தனை நேரம் சராசரி எடுத்தாலும் குறையாத குணம். 0.0016-ஐ 3600-ஆல் பெருக்கினால் மணிக்கு 5.8 டிகிரி. இதைச் சிலர் அப்படியே ‘பையஸ் நிலையின்மை’ என்று போடுவார்கள், சிலர் கொள்கைப்படி 0.664-ஆல் வகுத்து 8.7 என்று போடுவார்கள். இரண்டு ஜைரோக்களை ஒப்பிடும்போது இருவரும் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒப்பிட்டால் ஒன்றரை மடங்கு ஏமாறலாம். அளவுக்கு ஒன்று சொல்கிறேன்: பூமியின் சுழற்சி மணிக்கு 15 டிகிரி. அதுவும் இந்தத் தரவில் இருக்கிறது. ஆனால் மாறாத எதுவும் வித்தியாசத்தில் கழிந்துபோய்விடுவதால், ஆலன் விலகலின் கண்ணுக்கு அது தெரியாது. சென்சார் 1.3 டிகிரி தப்பாகக் காட்டுகிறது என்பதும் தெரியாது. ஆட்டத்தை மட்டும்தான் சொல்லும், சரியா தப்பா என்பதைச் சொல்லாது.

வலது பகுதி. 256-லிருந்து 1024-க்கு நேரம் நான்கு மடங்கு, விலகல் ஒன்றரை மடங்கு. அலைந்து திரியும் பூஜ்யம் மட்டும் என்றால் இரண்டு மடங்கும், ஒரே திசையில் சீராக நகரும் பூஜ்யம் என்றால் நான்கு மடங்கும் வந்திருக்கும். ஒன்றரை என்றால் இன்னும் அடியிலிருந்து ஏறி முடியவில்லை, சாய்வு முழுதாகப் பிடிபடவில்லை. இங்கே ஒரு கோட்டைப் பொருத்தி அலைச்சலின் அளவு இவ்வளவு என்று எண் சொல்ல நான் துணியமாட்டேன்.

அதற்கு இன்னொரு காரணம், அந்த எட்டு எண் கணக்கில் பார்த்தது. எட்டு மணி நேரத்தில் 1024 விநாடித் துண்டுகள் இருபத்தெட்டுதான். தோராயமான பிழை, 1 / √(2 × (துண்டுகள் - 1)). இருபத்தெட்டுக்கு 14 சதவீதம். இரண்டு மணி நேரத் துண்டு என்றால் நான்கே துண்டு, பிழை 41 சதவீதம். வளைவின் வலது ஓரத்தில் வரும் திடீர் இறக்கத்தைப் பார்த்து ‘நீண்ட நேரத்தில் சென்சார் மறுபடி திருந்திவிட்டது’ என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். பதிவின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிய எதையும் நான் வரைவதே இல்லை.

## எண்ணை வேலைக்கு விடுவது

ஆலன் விலகலை √2-ஆல் பெருக்கினால், இந்தத் துண்டின் சராசரிக்கும் அடுத்த துண்டின் சராசரிக்கும் வழக்கமாக இருக்கும் வித்தியாசம் கிடைக்கும். ஜைரோவைப் பூஜ்யம் செய்வது என்பதும் இதுதானே: இப்போது எடுத்த சராசரியை வைத்து, அடுத்து வரும் நேரத்தைக் கணிக்கிறோம்.

64 விநாடி அசையாமல் வைத்துப் பூஜ்யம் செய்து, அடுத்த 64 விநாடி ஓட்டினால்: 0.0016 × 1.41 × 64. கோணத்தில் சுமார் 0.14 டிகிரி பிழை. நல்லது. அதே பூஜ்யத்தை 1024 விநாடி எடுத்து, அடுத்த 1024 விநாடி ஓட்டினால்: 0.0030 × 1.41 × 1024, அதாவது 4.3 டிகிரி. பதினேழு நிமிடத்தில் நாலு டிகிரி. இந்தச் சிப்பை மட்டும் நம்பித் திசை பார்க்கும் ரோபோ ஏன் கால் மணி நேரத்தில் சுவரை நோக்கிப் போகிறது என்பதற்கு விடை இதுதான்.

ஒரே விநாடியில் பூஜ்யம் செய்தால்? அந்தப் பூஜ்யத்தின் பிழையே 0.0044. அடுத்த ஒரு நிமிடத்தில் அது மட்டும் 0.26 டிகிரியாக வளர்ந்திருக்கும். பத்து விநாடி எடுத்தால் பாதிக்கும் கீழே போய்விடும். பத்திலிருந்து அறுபத்துநான்குக்குப் போனால் கிடைக்கும் லாபம் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் என் ரோபோவில் பூஜ்யம் செய்ய 10 விநாடி வைத்திருக்கிறேன். ஒரு நிமிடம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆனால் ரோபோ நிற்கும்போதெல்லாம் மறுபடி பூஜ்யம் செய்துகொள்கிறது, குறைந்தது நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை. வளைவு 256-க்கு மேல்தான் வேகமாக ஏறுகிறது, அதற்குள் புதுப்பித்துவிட்டால் போதும்.

கடிகாரத்திலும் வாசிப்பு இதேதான், இடது ஓரம் மட்டும் மாறும். ஜிபிஎஸ் தொகுதியின் விநாடித் துடிப்பை வைத்து ஒரு குவார்ட்ஸ் அலையியற்றியை அளந்தால், துடிப்பே பல பத்து நானோவிநாடி முன்பின் ஆடும். அந்த ஆட்டம் சேர்வதில்லை; அதனால் நேரம் பத்து மடங்கானால் விலகலும் பத்து மடங்கு குறைந்து, சாய்வு -1 ஆக இருக்கும். அந்தச் சாய்வு இருக்கும் வரை நீங்கள் பார்ப்பது ஜிபிஎஸ்ஸின் ஆட்டம், குவார்ட்ஸின் குணம் இல்லை. இரண்டின் வளைவையும் ஒரே தாளில் வரைந்தால், இறங்கும் ஜிபிஎஸ் கோடும் ஏறும் குவார்ட்ஸ் கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். ஜிபிஎஸ்ஸால் குவார்ட்ஸைத் திருத்தும் கருவிகளில் அந்த வெட்டும் நேரத்தை ஒட்டித்தான் திருத்தும் வேகத்தை வைக்கிறார்கள்.

## மேடு வந்தால்

சாய்வுகளில் எதிலும் சேராமல் ஒரு மேடு வந்து நின்றால் சென்சாரைச் சந்தேகிக்காதீர்கள், அறையைச் சந்தேகியுங்கள். சீராகத் திரும்பத் திரும்ப வரும் எதுவும் அதன் காலத்தில் 0.37 பங்கில் ஒரு மேட்டையும், முழுக் காலத்தில் ஒரு பள்ளத்தையும் போடும். நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் மின்விசிறி என்றால் ஒரு சுற்றுக்கு 0.2 விநாடி, மேடு 0.07 விநாடிக்குப் பக்கத்தில்.

அம்மிக்கல்லுக்கு முன் நான் படுக்கையறை அலமாரியில் வைத்து எடுத்த பதிவில் 290 விநாடிக்கு அருகே அழகான ஒரு மேடு இருந்தது. குழியின் அடியே காணோம். 290-ஐ 0.37-ஆல் வகுத்தால் 780 விநாடி, பதின்மூன்று நிமிடம். சிப்பின் வெப்பநிலைப் பதிவை எடுத்துப் பார்த்தால் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஏசியின் கம்ப்ரசர் ஓடி நிற்கும் கணக்கு. மறுநாள் பொருட்கள் அறைக்கு மாற்றிப் பெட்டியைக் கவிழ்த்ததும் மேடு போய், மேலே கொடுத்த எண்கள் வந்தன. ஆனால் ரோபோ ஓடப் போவது ஏசி போட்ட அறையில்தான் என்பதால், பழைய வளைவையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அங்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பூஜ்யம் செய்வது மிக மோசமான தேர்வு, மேட்டின் உச்சியிலேயே போய் நிற்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றிவிட்டேன்.